தமிழில் நடந்த கூட்டம், ஆங்கிலத்தில் கேட்கும் ஆபீஸ்: மினிட்ஸை மொழிபெயர்த்து வேலைப் பட்டியல் எடுப்பது எப்படி

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், அதாவது எஃப்.பி.ஓ.வில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதமே ஒரு மினிட்ஸ் நோட்டு கைக்கு வந்துவிடும். இயக்குநர்கள் தமிழில் பேசியிருப்பார்கள், யாரோ ஒருவர் தமிழில் எழுதியிருப்பார். அதை ஆடிட்டருக்கும் கம்பெனி செக்ரட்டரிக்கும் உதவி தரும் நிறுவனத்துக்கும் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பிய கையோடு, யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற பட்டியலைத் தமிழில் இயக்குநர்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டையும் ஒரே மூச்சில் செய்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பிரதியை முடித்துவிட்டு, அதிலிருந்தே பட்டியலை எடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ஆள் பெயர் இல்லாமலே ஒரு வாக்கியத்தை இயல்பாக முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இடம் காலியாக உறுத்தும். உடனே மொழிபெயர்ப்பவர் தன்னை அறியாமல் ஓர் ஆளைப் போட்டு நிரப்பிவிடுவார். அடுத்த கூட்டத்தில் அந்த ஆள், "நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

முதலில், எவ்வளவு நாள் இருக்கிறது என்று பாருங்கள்

எஃப்.பி.ஓ. உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் கம்பெனிச் சட்டம் அதற்கும் பொருந்தும். சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி, கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு ஏறியிருக்க வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான செயலகத் தரநிலை இன்னும் விரிவாகச் சொல்கிறது: வரைவை 15 நாளுக்குள் இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் 7 நாளுக்குள் திருத்தம் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்த 7 நாள்தான் முக்கியம். மூலத்தில் தெளிவில்லாத இடம் இருந்தால் அதைத் திருத்தும் வாய்ப்பு அதற்குள்தான் இருக்கிறது. கையெழுத்தாகிப் புத்தகத்தில் ஏறியபின் கேட்டால், "இருக்கிறபடியே போட்டுக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதிலாக வரும். அதனால் வரைவு வந்த அன்றே உட்கார்ந்து படித்துவிடுங்கள். மொழிபெயர்க்க அப்புறம் நேரம் இருக்கிறது.

பென்சிலால் மூன்று குறி

மொழிபெயர்ப்பில் கை வைக்குமுன், தமிழ் மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். பேசியது மட்டும் என்றால் 'பே'. தீர்மானமானது என்றால் 'தீ'. ஒரு வேலை பிறக்கிறது என்றால் 'வே'. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு குறியும் வரலாம். முடிவு சொல்ல முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

எதை வைத்துக் குறி போடுவது? வாக்கியத்தின் கடைசிச் சொல்லை வைத்துத்தான். நம் மினிட்ஸ்களில் முழு விஷயமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயிகளின் நிறுவனம் ஒன்றில், 2025 ஜூலை 14, திங்கள்கிழமை கூட்டம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். மினிட்ஸில் இப்படி ஒரு பத்தி:

*பொருள் 3: ஆடிப்பட்ட விதை. மல்லாட்டை விதை 120 மூட்டை வாங்குவது குறித்துப் பேசப்பட்டது. தனியாரிடம் விலை அதிகம் என உறுப்பினர் ஒருவர் கூறினார். வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு உள்ளதா என விசாரிக்கலாம் என முடிவானது. ஆடி 18-க்குள் விதை உறுப்பினர் கைக்குச் சேர வேண்டும். முன்பணத்தைத் தலைவர் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.*

படித்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். குறி போட ஆரம்பித்தால்தான் ஓட்டைகள் தெரியும்.

120 மூட்டை வாங்குவது 'பேசப்பட்டது', அவ்வளவுதான். வாங்கத் தீர்மானமானதாக எங்கும் இல்லை. ஆகவே 'பே'. இதை ஆங்கிலத்தில் 'ரிசால்வ்ட்' என்று தொடங்கி எழுதினால், குழு எடுக்காத ஒரு முடிவை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். 'டிஸ்கஸ்ட்' என்று மட்டும்தான் எழுத வேண்டும். விலை அதிகம் என்றதும் 'பே'தான்.

'விசாரிக்கலாம் என முடிவானது' என்பதற்கு 'தீ', 'வே' இரண்டும் வரும். ஆனால் விசாரிப்பது யார்? மூலத்தில் இல்லை. பெரும்பாலும் முதன்மைச் செயல் அலுவலர், அதாவது சி.இ.ஓ.தான் இந்த மாதிரி வேலைக்குப் போவார். அந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும் என்பதற்காக அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள். செயப்பாட்டு வினையில், ஆள் இல்லாமலேயே எழுதுங்கள். படிக்க மொட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, மூலமும் மொட்டையாகத்தான் இருக்கிறது.

'ஆடி 18-க்குள் சேர வேண்டும்' என்பதில் தேதி இருக்கிறது, ஆள் இல்லை. கடைசி வாக்கியத்தில் ஆள் இருக்கிறார், தேதி இல்லை. அதோடு 'பார்த்துக்கொள்வார்கள்' என்றால் என்ன? தலைவர் வங்கியில் பேசி ஏற்பாடு செய்வாரா, நிறுவனக் கணக்கிலிருந்து காசோலை போடுவாரா, இல்லை தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வாரா? மூன்றாவது என்றால் அது நிறுவனம் இயக்குநரிடம் வாங்கிய கடனாகக் கணக்கில் வரும், ஆடிட்டர் கேள்வி கேட்பார். மூன்றுக்கும் ஆங்கில வினை வேறு வேறு. இங்கே கேள்விக்குறி. இன்னொன்று, 'அவர்கள்' என்பதும் 'பார்த்துக்கொள்வார்கள்' என்பதும் மரியாதைக்காக வந்தவை, ஆள் ஒருவர்தான். அவசரத்தில் பன்மையாக்கி 'தே' என்று எழுதிவிட்டால், தலைவரும் இன்னும் சிலரும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

மொழிபெயர்க்கும்போது கை வைக்கக் கூடாத நான்கு

குறி போட்டு முடித்தபின் மொழிபெயர்ப்பு பெரிய வேலையில்லை. நடை சுமாராக இருந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. எண், பெயர், தேதி, வினைமுடிவு என்ற நான்கும் அப்படியே கரை சேர வேண்டும்.

எண்ணில் அளவும் சேர்த்திதான். மூட்டை என்பது ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மாறும். காணியும் அப்படித்தான். மூலத்தில் இருப்பதுபோல 120 மூட்டை என்றே எழுதிவிட்டு, ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் அடிக்குறிப்பில் கிலோவைப் போடுங்கள். நீங்களாகப் பெருக்கி மூட்டையை மறைத்துவிட்டால், கணக்கு தவறும்போது எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது. பணத்தை லட்சத்திலேயே விடுங்கள், இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு அதுதான் வசதி.

பெயர்கள் பார்ப்பதைவிட ஆபத்தானவை, அதிலும் தலைப்பெழுத்து. தமிழில் 'கோ.' என்று இருந்தால் கோபாலா, கோதண்டமா? ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ஜி, இன்னொன்றுக்குக் கே. 'த.' என்பது ஆங்கிலத்தில் T எழுத்திலும் தொடங்கலாம், D எழுத்திலும் தொடங்கலாம். 'ச.' என்றால் எஸ்ஸா, சி-யா? ஒலியை வைத்து ஊகிக்காதீர்கள். இயக்குநர்களின் பெயர் கம்பெனிப் பதிவில் எந்த ஆங்கில எழுத்துகளில் இருக்கிறதோ அதே எழுத்துகள்தான் மினிட்ஸிலும் வர வேண்டும். உறுப்பினர் என்றால் பங்குப் பதிவேடு. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உதவும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதும், ஊர்ப் பெயரைச் சொல்லி அவர்களைப் பிரித்துக் கூப்பிடுவதும் கிராமத்து நிறுவனங்களில் சாதாரணம். தாளில் அந்த ஊர்ப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதியில் தமிழ் மாதம் வந்தால் ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் போட வேண்டும். நாள்காட்டியைப் பார்த்துத்தான் போட வேண்டும், மனக்கணக்கு வேண்டாம். 2025-இல் ஆடி முதல் நாள் ஜூலை 17. ஆடி 18 என்பது ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்று தெரிந்த உடனேயே வேலைப் பட்டியலின் தேதிகள் மாறத் தொடங்கும், அதைப் பிறகு சொல்கிறேன். 'வர்ற வெள்ளி', 'அடுத்த வெள்ளி' இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திங்கள்கிழமை நடந்த கூட்டத்தில் 'அடுத்த வெள்ளி' என்றால் சிலருக்கு ஜூலை 18, சிலருக்கு 25. கேட்டுவிடுவதுதான் வழி.

மினிட்ஸ் படர்க்கையில், இறந்தகாலத்தில் இருக்க வேண்டும் என்பதும், தீர்மான வாசகம் மட்டும் நிகழ்காலத்தில் இருக்கும் என்பதும் அதே தரநிலை சொல்வது. தமிழில் 'செய்வோம்' என்று தன்மையில் எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் அதைப் படர்க்கைக்கு மாற்றலாம். அந்த அளவு சுதந்திரம் உண்டு.

கேள்விகளை ஒரே செய்தியில் கேளுங்கள்

கேள்விக்குறி போட்ட இடங்களைச் சேர்த்து ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி. சந்தேகம் வரும்போதெல்லாம் தலைவருக்கு ஒவ்வொன்றாக அனுப்பினால் மூன்றாவது செய்திக்குப் பதில் வராது. 'விளக்கம் தேவை' என்று பொதுவாகக் கேட்டாலும் வராது. வயலில் நிற்பவர் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுப் போகும்படி இருக்க வேண்டும்:

*ஐயா வணக்கம். 14-ஆம் தேதி மினிட்ஸ் பொருள் 3-இல் மூன்று சந்தேகம்.*
*1. விரிவாக்க மையத்தில் விசாரிப்பது யாருங்க: அ) சி.இ.ஓ. ஆ) வேறு யாராவது? எந்தத் தேதிக்குள்?*
*2. முன்பணம்: அ) கம்பெனி கணக்கிலிருந்து ஆ) நீங்கள் கையிலிருந்து கொடுத்துப் பிறகு வாங்கிக்கொள்வது?*
*3. 120 மூட்டை வாங்க அன்றைக்கே ஒப்புதல் ஆகிவிட்டதா, பேசியதோடு நிற்கிறதா ஐயா?*

தலைவர் இப்படிப் பதில் சொன்னார் என்று வைப்போம்: "1 அ, வர்ற வெள்ளிக்குள்ள. 2 அ. 3 பேசினதோட சரி தம்பி, விலை தெரிஞ்சப்புறம் முடிவு பண்ணலாம்னு இருந்தோம்."

இந்தப் பதிலை வைத்து ஆங்கிலப் பிரதியைத் திருத்திவிடலாமா என்றால், கூடாது. மொழிபெயர்ப்பு என்பது எழுதப்பட்ட மினிட்ஸின் பிரதி. பதில் கூட்டத்துக்கு வெளியே வந்தது. கூட்டத்தில் நிஜமாகவே அப்படித்தான் பேசினார்கள் என்றால், 7 நாள் அவகாசத்துக்குள் தமிழ் வரைவில் திருத்தம் போகட்டும், அப்புறம் ஆங்கிலமும் மாறும். இல்லையென்றால் தலைவர் சொன்னது வேலைப் பட்டியலில் மட்டும், 'தலைவரிடம் கேட்டறிந்தது, ஜூலை 16' என்ற குறிப்போடு இருக்கட்டும். இதைக் கலந்துவிட்டால், பின்னால் எது குழு சொன்னது, எது தலைவர் மட்டும் சொன்னது என்று பிரிக்கவே முடியாது.

வேலைப் பட்டியல் எடுப்பது

பட்டியலை மூலத்தில் 'வே' குறி இருக்கும் இடங்களிலிருந்து எடுங்கள். பிறகு ஆங்கிலப் பிரதியைத் தனியாகப் படித்து, அதிலிருந்து என்னென்ன வேலை தெரிகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வேலை அதிகமாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பில் நீங்கள் எதையோ சேர்த்திருக்கிறீர்கள். குறைந்தால் எதையோ விட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை மொழிபெயர்ப்புப் பிழையைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஒரு வரிக்கு ஒரு வேலை, ஒரு ஆள், ஒரு தேதி. 'தலைவரும் பொருளாளரும்' என்று மூலத்தில் இருந்தால் இரண்டு பேர் பெயரையும் போடலாம், ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டு அவர் பெயரை முன்னால் போடுங்கள். வெளியாள் பெயரைப் பொறுப்பாளர் இடத்தில் போடாதீர்கள். 'வேளாண்மை அலுவலர் விதைச் சான்று தருவார்' என்று மினிட்ஸில் இருந்தால், அவர் உங்கள் குழுவுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. வரியை 'அலுவலரிடமிருந்து சான்றைக் கேட்டு வாங்குவது' என்று திருப்பி எழுதி, போய் வாங்கி வரும் நம் ஆளின் பெயரைப் போடுங்கள்.

தேதியில் மூன்று விதம் உண்டு. நேரடித் தேதி என்றால் பிரச்சினையில்லை. தேதியே இல்லாததற்கு 'தேதி இல்லை' என்றே எழுதுங்கள். காலியாக விட்டால் மறந்துபோய்விட்டதா, நிஜமாகவே இல்லையா என்று தெரியாது. மூன்றாவது விதம்தான் வேலை வாங்கும்: வேறொன்றின் கழுத்தில் தொங்கும் தேதி.

நம் விதையையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 3-க்குள் உறுப்பினர் கைக்கு விதை போக வேண்டும். அது ஞாயிறு, ஆடிப்பெருக்கு வேறு. அன்றைக்கு லாரியோ சுமை தூக்குபவரோ கிடைப்பது சந்தேகம். ஆகவே விநியோகம் ஆகஸ்ட் 2, சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும். 120 மூட்டையை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்க இரண்டு நாளாவது ஆகும் என்றால், சரக்கு ஜூலை 31-க்குள் குடோனுக்கு வர வேண்டும். முன்பணம் போய் ஏற்ற இரண்டு, மூன்று நாள் வைத்தால் பணம் ஜூலை 28, திங்களுக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் வாங்குவதற்கு ஒப்புதலே இன்னும் இல்லை. விசாரணை 18-ஆம் தேதி வெள்ளியன்று முடிந்தால், 28-க்கு முன்னால் அவசரக் கூட்டம் போட்டு இயக்குநர்களிடம் ஒரு தீர்மானம் வாங்க வேண்டும். மினிட்ஸில் எங்கேயும் எழுதியிராத வேலை இது. பின்னாலிருந்து எண்ணும்போதுதான் கண்ணில் பட்டது.

பட்டியல் இப்படி நிற்கும்:

| எண் | வேலை | யார் | கடைசி நாள் | எங்கிருந்து |
|---|---|---|---|---|
| 1 | விரிவாக்க மையத்தில் மல்லாட்டை விதை இருப்பும் விலையும் விசாரிப்பது | சி.இ.ஓ. | ஜூலை 18 | மினிட்ஸ் 3. ஆளும் தேதியும் தலைவரிடம் கேட்டது |
| 2 | விதை வாங்க இயக்குநர் ஒப்புதல் பெறுவது | தலைவர் உறுதி செய்ய வேண்டும் | ஜூலை 25 (முன்மொழிவு) | மினிட்ஸில் இல்லை, கணக்கிட்டது |
| 3 | நிறுவனக் கணக்கிலிருந்து முன்பணம் அனுப்ப ஏற்பாடு | தலைவர் | ஜூலை 28 (முன்மொழிவு) | மினிட்ஸ் 3. நிறுவனக் கணக்கு என்பது தலைவரிடம் கேட்டது; தேதி கணக்கிட்டது |
| 4 | விதையை உறுப்பினர்களுக்கு விநியோகிப்பது | ஆள் இல்லை | ஆகஸ்ட் 2 (முன்மொழிவு, மூலத்தில் ஆடி 18) | மினிட்ஸ் 3 |

கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் பட்டியலிலேயே அதுதான் உருப்படியானது. நீங்கள் கணக்கிட்ட தேதிக்குப் பக்கத்தில் 'முன்மொழிவு' என்று இருக்கும்வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது. தலைவர் சரி என்றதும் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். நான்காவது வரியில் ஆள் இல்லாததை எல்லோரும் பார்க்கும்படி அப்படியே விடுங்கள். பட்டியல் குழுவில் போன அன்றைக்கே யாராவது பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

பின்னாலிருந்து எண்ணும் இதே முறை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் பொருந்தும். உற்பத்தியாளர் நிறுவனத்தில் அதற்குக் குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்து மூலம் அறிவிப்பு போக வேண்டும். செப்டம்பர் 24-இல் கூட்டம் என்று மினிட்ஸ் சொன்னால், அனுப்பும் நாளையும் கூட்ட நாளையும் விட்டு எண்ணினால் செப்டம்பர் 9-க்குள் அறிவிப்பு கையில் கிடைத்திருக்க வேண்டும், தபால் என்றால் அதற்கும் முன்னால் அனுப்ப வேண்டும். மினிட்ஸ் 24 என்ற ஒரு தேதியைத்தான் சொல்லியிருக்கும், பட்டியலில் இரண்டு தேதி வரும்.

ஷீட்டில் போடும்போது

கூகுள் ஷீட்டில் தேதி கட்டத்தில் 03/08/2025 என்று அடித்தால், அந்த ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதை மார்ச் 8 என்று எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் வேலை அன்றைக்கே 'தாமதம்' என்று சிவப்பில் நிற்கும். `File > Settings > Locale` போய் `India` என்று மாற்றுங்கள், அல்லது 2025-08-03 என்று அடியுங்கள். D-யில் கடைசி நாளும் E-யில் முடிந்த நாளும் வைத்தால், பக்கத்துக் கட்டத்தில் இது போதும்:

```
=IF(AND(D2<>"",E2="",D2<TODAY()),"தாமதம்","")
```

ஷீட்டில் தேதிக் கட்டத்துக்குள் 'முன்மொழிவு' என்று சேர்த்து எழுதினால் அது தேதியாகவே இருக்காது, சூத்திரமும் வேலை செய்யாது. அந்தச் சொல்லை 'எங்கிருந்து' கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

அனுப்புமுன் ஒரு சோதனை

தமிழ் மூலத்தில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள், ஆங்கிலத்திலும் எண்ணுங்கள். நீங்கள் சேர்த்த ஆங்கிலத் தேதிகளையும் கிலோ அடிக்குறிப்பையும் கழித்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பிறகு மினிட்ஸ் எழுதியவரையோ கணக்காளரையோ உட்கார வைத்து, ஆங்கிலப் பிரதியைப் பார்த்தபடி தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எண், பெயர், தேதி, வினைமுடிவு இந்த நான்கில் மட்டும் அவர் நிறுத்தினால் போதும், நடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அரை மணி நேர வேலை சாயங்காலம் வரை போகும்.

பட்டியலைக் குழுவில் போடும்போது ஷீட் இணைப்போடு நிறுத்தாமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியைத் தனியாகத் தமிழில் அனுப்புங்கள். பலர் இணைப்பைத் திறக்கவே மாட்டார்கள். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் நடவடிக்கை அறிக்கை என்று வைக்க வேண்டியதும் இதே பட்டியல்தான். தேதி தள்ளிப்போன வேலை இருந்தால் பழைய தேதியை அழிக்காமல் புதிய தேதியைப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள். யார் கேட்டுத் தள்ளிப்போட்டது என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள்.